கொட்டேஷன் போன ஆர்டரெல்லாம் வந்துவிடுமா?

கிருஷ்ணகிரி பக்கத்தில் மாங்கூழ் ஆலைகளுக்கு ஸ்டீல் டேங்க், பைப் லைன் செய்து தரும் ஒரு பட்டறையின் கணக்கு வழக்கைப் பார்த்துத் தருகிறேன். ஆலைகள் ஓடுவதே பெங்களூரா மாங்காய் வரும் அந்தச் சில மாதங்கள்தான். அதனால் ஆர்டர் ஜனவரி முதல் மார்ச்சுக்குள் உறுதியாக வேண்டும். ஸ்டீல் தகடு வாங்கும் பணத்தை அதற்கு முன்பே புரட்டியாக வேண்டும். எவ்வளவுக்கு வாங்குவது என்பதுதான் ஒவ்வொரு ஜனவரியிலும் கேள்வி.

விசாரணைகளைப் பதிந்து வைக்கும் அவர்களுடைய சிஆர்எம் மென்பொருளில் இருந்து எக்செல் ஷீட்டாக இறக்கிய பட்டியலில், அந்தக் காலாண்டுக்கு 19 விசாரணைகள் இருந்தன. மொத்தம் 120 லட்சம். இடத்தை நேரில் பார்த்துவிட்டு வந்த நிலையில் 40 லட்சம், கொட்டேஷன் கொடுத்த நிலையில் 50 லட்சம், விலை பேசிக்கொண்டிருக்கும் நிலையில் 30 லட்சம். ஒவ்வொரு தொகையையும் அந்த நிலைக்கு உரிய வாய்ப்பு சதவீதத்தால் பெருக்கிக் கூட்டினால் வருவதுதான் எடையிட்ட மதிப்பீடு. தொகை D பத்தியிலும் சதவீதம் E பத்தியிலும் இருந்தால் ஒரே வரி போதும்:

```
=SUMPRODUCT(D2:D20,E2:E20)
```

இறக்கிய கோப்பில் சில தொகைகள் எண்ணாக இல்லாமல் எழுத்தாக வந்திருக்கும். இந்த ஃபார்முலா அவற்றைச் சத்தமில்லாமல் பூஜ்யமாக எடுத்துக்கொள்ளும். முதலில் வெறும் கூட்டுத்தொகை சிஆர்எம் திரையில் உள்ளதோடு ஒத்துப்போகிறதா என்று பார்த்துவிடுங்கள்.

விடை 65 லட்சம் என்று வந்தது. "அப்ப 65-க்கு சரக்கு போட்டுரலாமா சார்?" என்றார் முதலாளி. அந்த மூன்று நிலைகளுக்கும் இருந்த 20, 60, 90 சதவீதம் எங்கிருந்து வந்தது என்று கேட்டேன். யாருக்கும் தெரியவில்லை. அவர்கள் வைத்திருக்கும் சிஆர்எம் ஹப்ஸ்பாட். அதை நிறுவும்போதே 20, 40, 60, 80, 90 என்று சதவீதங்கள் உள்ளே இருக்கும். இவர்கள் தேவையில்லாத நிலைகளை நீக்கி, மற்றவற்றின் பெயரை மாற்றிவிட்டு, எண்ணை மட்டும் அப்படியே விட்டிருக்கிறார்கள். கிருஷ்ணகிரியில் டேங்க் விற்பவருக்கும் எங்கோ சாஃப்ட்வேர் விற்பவருக்கும் ஒரே வாய்ப்பு எப்படி இருக்கும்?

உங்கள் சதவீதம் உங்கள் பழைய கணக்கில்தான் இருக்கிறது. முடிந்துபோன விசாரணைகளை மட்டும் எடுத்து, ஒரு நிலையை எட்டியவை எத்தனை, அவற்றில் கடைசியில் ஆர்டரானவை எத்தனை என்று பாருங்கள். 'எட்டியவை' என்பதுதான் முக்கியம். விலை பேச்சு வரை போனதும் கொட்டேஷனை எட்டியதுதான், அதையும் அங்கே எண்ண வேண்டும். இதற்கு இப்போதைய நிலை மட்டும் போதாது. ஒவ்வொரு நிலைக்கும் எந்தத் தேதியில் வந்தது என்ற பத்தியையும் சேர்த்து இறக்குங்கள்.

இவர்களுக்கு முந்தைய 2 ஆண்டுகளில் நேரில் பார்த்தவை 80, கொட்டேஷன் போனவை 40, விலை பேசியவை 20, ஆர்டரானவை 12. அதாவது 15, 30, 60 சதவீதம். இதை வைத்துப் பெருக்கினால் 6, 15, 18 லட்சம், கூட்டினால் 39. கைநழுவியதை 'போச்சு' என்று குறிக்க விற்பனைப் பையன்களுக்கு மனசு வராது. அப்படிக் குறிக்காமல் விட்டிருந்தால் இந்தச் சதவீதமும் உப்பித்தான் காட்டும்.

அப்புறம் தேதிப் பத்தி. கொட்டேஷன் நிலையில் 20 லட்சத்துக்கு ஒரு விசாரணை. முடியும் தேதி மூன்று தடவை தள்ளிப்போயிருந்தது. கொட்டேஷனுக்குப் பிறகு பேச்சுவார்த்தை நடந்ததற்கான குறிப்பு ஒன்றுகூட இல்லை. அதை எடுத்துவிட்டதும் 33 லட்சமானது.

இந்த 33-ஐயும் அப்படியே நம்பக்கூடாது. விலை பேச்சில் இருந்த 30 லட்சத்தில் ஒரே ஆலையின் ஆர்டர் 18 லட்சம். அது வந்தால் முழு 18, வராவிட்டால் பூஜ்யம். கணக்கில் நிற்கும் 10.8 லட்சம் எந்த நாளும் வரப்போவதில்லை. ஆகவே அதை மட்டும் வெளியே எடுத்து வைத்தேன். அது வந்தால் சுமார் 40, வராவிட்டால் சுமார் 22. சின்னச் சின்னதாக நிறைய ஆர்டர் உள்ள கடைக்குச் சராசரி பொருந்தும். 18 விசாரணையில் ஒன்றே மூன்றில் ஒரு பங்கைத் தின்றால் பொருந்தாது. 22 லட்ச ஆர்டருக்கான தகட்டை உடனே வாங்கிக்கொண்டு, பெரிய ஆலைக்கானதை முன்பணம் கைக்கு வந்ததும் வாங்கலாம் என்று முடிவானது.

12 ஆர்டரை வைத்துப் போட்ட சதவீதம் என்பதால், 30 என்பது 20 ஆகவும் இருக்கலாம், 40 ஆகவும் இருக்கலாம். தசம புள்ளி வரை போய்ச் சண்டை போட வேண்டாம். மாதம் 1-ம் தேதி இறக்கிய கோப்பைத் தேதி போட்டுத் தனியாகச் சேமித்து வையுங்கள். சிஆர்எம் திரை இன்றைய நிலையைத்தான் காட்டும். ஜனவரியில் என்ன நினைத்திருந்தோம் என்பதை ஏப்ரலில் ஒப்பிட்டுப் பார்க்க அந்தப் பழைய கோப்பு வேண்டும்.