சராசரி மறைக்கும் தடை: புதிய மென்பொருளுக்கு முன் ஊழியர்களின் ஆயத்தத்தை அளப்பது எப்படி?

புதிய மென்பொருளை நிறுவும் நிறுவனங்கள் பெரும்பாலும் இயந்திரத்தைத்தான் சோதிக்கின்றன. சர்வர் தாங்குமா, பழைய தரவு பிழையின்றி மாறிவிட்டதா, அச்சுப்பொறி ஒத்துழைக்கிறதா என்று பக்கம் பக்கமாகப் பட்டியல் இருக்கும். அதைப் பயன்படுத்தப்போகும் மனிதர்களைப் பற்றி அந்தப் பட்டியலில் ஒரே வரிதான்: ‘பயிற்சி முடிந்தது’. பிறகு மூன்றாம் வாரத்தில் பார்த்தால் பாதிப்பேர் பழைய எக்செல் கோப்பில் கணக்கு எழுதிவிட்டு, மாலையில் அதையே புதிய மென்பொருளில் படியெடுத்துக்கொண்டிருப்பார்கள். மேலிடம் இதற்குச் சொல்லும் மருந்து, இன்னொரு பயிற்சி வகுப்பு.

அந்த மருந்து ஏன் பல இடங்களில் வேலை செய்வதில்லை என்பதை விளக்கும் ஒரு மாதிரிக்கு ‘ஆட்கார்’ என்று பெயர். பொறியாளரான ஜெஃப் ஹையட் 1994இல் ப்ரோசை என்ற ஆய்வு நிறுவனத்தைத் தொடங்கினார். நிறுவனங்களில் மாற்றங்கள் எங்கே சிக்கிக்கொள்கின்றன என்று கவனித்து இதை உருவாக்கினார். ஒரு மனிதர் புதிய பழக்கத்துக்கு மாற ஐந்து நிலைகளைக் கடக்கிறார் என்கிறது இம்மாதிரி. மாற்றம் ஏன் தேவை என்ற விழிப்புணர்வு முதலில் வருகிறது. அதில் பங்கெடுக்கும் விருப்பம் அடுத்தது. எப்படிச் செய்வது என்ற அறிவு மூன்றாவது. அதை உண்மையான வேலையில் செய்துகாட்டும் திறன் நான்காவது. புதிய பழக்கம் நழுவிப்போகாமல் பிடித்துவைக்கும் வலுவூட்டல் கடைசி.

இங்கே வரிசைதான் உயிர்நாடி. ஒவ்வொரு நிலைக்கும் 1 முதல் 5 வரை மதிப்பெண் வாங்கி, வரிசையில் முதலாவதாக 3 அல்லது அதற்குக் கீழே விழும் நிலையைத் ‘தடைப்புள்ளி’ என்கிறார்கள். அதற்குப் பின்னால் வரும் மதிப்பெண்கள் எவ்வளவு மோசமாக இருந்தாலும் முதலில் கைவைக்க வேண்டிய இடம் தடைப்புள்ளிதான். விருப்பமில்லாத ஒருவருக்குப் பயிற்சி கொடுத்தால் அவர் வகுப்பில் உட்கார்ந்திருப்பார், அவ்வளவுதான்.

இந்தக் கணக்கீடு எளிதாகத் தோன்றும். அதைத் தவறாகச் செய்வது அதைவிட எளிது. கற்பனையாக ஒரு நிறுவனத்தை எடுத்துக்கொள்வோம். சரக்கிருப்பையும் கொள்முதலையும் கணக்கையும் இணைக்கும் மென்பொருள் ஒன்று எட்டு வாரத்தில் அங்கே வரப்போகிறது. கிடங்கில் 24 பேர், கணக்குப் பிரிவில் 16 பேர், ஆக 40 பேரிடம் வினாத்தாள் கொடுக்கிறார்கள். எல்லாருடைய விடைகளையும் ஒன்றாகச் சேர்த்துச் சராசரி எடுத்ததில் விழிப்புணர்வு 4.3, விருப்பம் 3.1, அறிவு 2.8, திறன் 2.1, வலுவூட்டல் 3.0 என்று வருகிறது. முதலில் 3க்குக் கீழே இறங்கியது அறிவு. ஆகவே தடை அறிவில்தான் என்று முடிவாகிறது. பயிற்சி நாட்களை இரட்டிப்பாக்க உத்தரவு தயாராகிறது.

இப்போது அதே விடைகளைப் பிரிவு வாரியாகப் பிரிப்போம். கிடங்கில் விழிப்புணர்வு 4.2, விருப்பம் 2.4, அறிவு 2.1, திறன் 2.0, வலுவூட்டல் 3.0. கணக்குப் பிரிவில் விழிப்புணர்வு 4.4, விருப்பம் 4.1, அறிவு 3.9, திறன் 2.3, வலுவூட்டல் 3.1. கிடங்கின் தடைப்புள்ளி விருப்பம். கணக்குப் பிரிவின் தடைப்புள்ளி திறன். அறிவு என்பது இரண்டு பிரிவிலும் தடைப்புள்ளியே இல்லை! ஒட்டுமொத்தச் சராசரி யாருக்கும் இல்லாத ஒரு நோயைக் கண்டுபிடித்து, அதற்கு மருந்தும் எழுதிக்கொடுத்துவிட்டது. ஆயத்த அறிக்கையில் ஒரே ஒரு வண்ண வட்டத்தைப் போட்டு ‘நிறுவனம் 61 சதவீதம் தயார்’ என்று எழுதுபவர்களை நான் நம்பாததற்குக் காரணம் இதுதான்.

மதிப்பெண் தடை எங்கே இருக்கிறது என்று காட்டும். ஏன் இருக்கிறது என்று சொல்லாது. அதற்குப் போய்ப் பேச வேண்டும். நம் கற்பனைக் கிடங்கில் பேசினால் இப்படி ஒரு காரணம் வெளிவரலாம்: பழைய பதிவேட்டில் உள்ள இருப்பும் அலமாரியில் உள்ள சரக்கும் பல ஆண்டுகளாகவே ஒத்துப்போவதில்லை. புதிய மென்பொருளில் ஒவ்வொரு வரவுக்கும் செலவுக்கும் பதிவு செய்தவரின் பெயரும் நேரமும் விழும். முதலில் எண்ணிப் பதிபவர் யாரோ, அவர் தலையில் பழைய பற்றாக்குறை முழுவதும் ஏறும் என்று ஊழியர்கள் அஞ்சுகிறார்கள். மேலாளர்கள் இதைச் ‘சோம்பல்’ என்றும் ‘மாற்றத்துக்கு எதிர்ப்பு’ என்றும் குறித்திருப்பார்கள். உண்மையில் அது நியாயமான கணிப்பு. இதைப் பயிற்சியால் தீர்க்க முடியாது. மென்பொருள் தொடங்குவதற்கு முன் சரக்கு முழுவதையும் நேரில் எண்ண வேண்டும். அந்தத் தேதிக்கு முந்தைய வித்தியாசத்துக்கு எந்த ஊழியரும் பொறுப்பாக மாட்டார் என்று நிர்வாகம் எழுதிக்கொடுக்க வேண்டும். அந்தக் கடிதத்தை விளக்கவேண்டியவர் இயக்குநர் அல்லர், அன்றாடம் பக்கத்தில் நிற்கும் மேற்பார்வையாளர். நிறுவனத்துக்கு மாற்றம் ஏன் தேவை என்பதைத் தலைமையிடமிருந்து கேட்க மக்கள் விரும்புகிறார்கள். தனக்கு என்ன ஆகும் என்பதைத் தன் நேரடி மேலாளர் சொன்னால்தான் நம்புகிறார்கள்.

கணக்குப் பிரிவின் கதை வேறு. அவர்களுக்குப் படிகள் தெரியும். செய்யவும் ஆசை இருக்கிறது. ஆனால் மாத இறுதியில் நூற்றுக்கணக்கான வவுச்சர்கள் குவியும்போது அதே வேகத்தில் செய்ய முடியுமா என்றால் முடியாது. அறிவுக்கும் திறனுக்கும் நடுவே உள்ள இடைவெளி இது. வகுப்பறை அதை அடைக்காது. ஏற்கெனவே முடிந்துபோன ஒரு மாதத்தின் உண்மையான வவுச்சர்களைச் சோதனைத் தளத்தில் முதலிலிருந்து பதிந்து, கணக்கை முடித்துப் பார்க்க வேண்டும். அதற்காக அன்றாட வேலையிலிருந்து சில மணி நேரம் விடுவிக்க வேண்டும். நிறுவனங்கள் பெரும்பாலும் மறுப்பது இந்த விடுவிப்பைத்தான். தொடக்க நாளை மாத இறுதியில் வைக்காமல் இருப்பதும் இதே தடைக்கான மருந்தின் ஒரு பகுதி.

கேள்வியைக் கேட்கும் விதத்திலும் சிக்கல் உண்டு. ‘புதிய மென்பொருள் ஏன் வருகிறது என்று உங்களுக்குத் தெரியுமா?’ என்று கேட்டால் எல்லாரும் 5 போடுவார்கள். ‘ஏன் வருகிறது என்று உங்கள் சொற்களில் இரண்டு வரி எழுதுங்கள்’ என்றால்தான் சுற்றறிக்கையைப் படித்தவர் யார், புரிந்துகொண்டவர் யார் என்று தெரியும். விருப்பத்தைப் பற்றிய கேள்வியில் பெயர் கேட்டால் விடை பயனற்றது. மேலாளர் கண்ணில் படும் தாளில் யாரும் 2 போட மாட்டார்கள். மிகச் சிறிய குழுக்களின் மதிப்பெண்ணைத் தனியாக வெளியிடுவதும் பெயரைக் கேட்பதற்குச் சமம்தான். அறிவையும் திறனையும் கேட்டே அறியக் கூடாது, செய்யச் சொல்லிப் பார்க்க வேண்டும். குறைவாகத் தெரிந்தவர்கள்தான் தங்களைக் கூடுதலாக மதிப்பிடுகிறார்கள் என்று டேவிட் டனிங்கும் ஜஸ்டின் க்ரூகரும் 1999இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. கிடங்கு ஊழியரிடம் ஒரு பெட்டியையும் பற்றுச்சீட்டையும் கொடுத்து, ‘இதை வரவு வையுங்கள்’ என்று சொல்லிவிட்டு ஓரமாக நின்றால் போதும். எந்தத் திரையில் தடுமாறுகிறார் என்பது ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும்.

எப்போது அளப்பது? எட்டு வாரத்துக்கு முன் ஒரு முறை அளந்தால் விழிப்புணர்வையும் விருப்பத்தையும் சரிசெய்ய நேரம் கிடைக்கும். அந்தக் கட்டத்தில் அறிவும் திறனும் தாழ்ந்திருப்பது இயல்பு. அதைக் கண்டு யாரும் பதற வேண்டியதில்லை. அவசரப்பட்டு அப்போதே பயிற்சி கொடுத்தால் தொடக்க நாளுக்குள் பெரும்பகுதி மறந்துபோகும். கற்றதில் பெரும்பங்கு முதல் சில நாட்களிலேயே உதிர்ந்துவிடுகிறது என்று ஹெர்மன் எபிங்ஹவுஸ் 1885இலேயே தன்னைத்தானே சோதித்து எழுதியிருக்கிறார். ஆகவே பயிற்சி கடைசி இரண்டு மூன்று வாரத்துக்குள் இருக்கட்டும். இரண்டாம் அளவீடு அதற்குப் பிறகு.

இந்த மாதிரிக்கு ஒரு பலவீனம் உண்டு. ஐந்தும் ஒரே திசையில், ஒன்றன்பின் ஒன்றாக நகர்வதாக அது எண்ணுகிறது. ஃப்ரெட் டேவிஸ் 1989இல் வெளியிட்ட தொழில்நுட்ப ஏற்பு மாதிரி வேறொன்றைக் காட்டுகிறது: ஒரு கருவி பயன்படுத்த எளிது என்று தோன்றினால் அது பயனுள்ளது என்ற எண்ணமும் கூடுகிறது, அந்த எண்ணம் பயன்படுத்தும் நோக்கத்தைத் தூண்டுகிறது. அதாவது திறன் வளர்ந்தால் விருப்பமும் பின்னாலிருந்து வளரலாம். கிடங்கின் 2.4இல் ஒரு பகுதி அச்சமாக இருந்தாலும், இன்னொரு பகுதி சரக்கு இறங்கும் இடத்துக்கும் ஒரே கணினிக்கும் நடுவே உள்ள தூரமாக இருக்கக்கூடும். ஒவ்வொரு பதிவுக்கும் கட்டடத்தின் மறுகோடிக்கு நடக்கவேண்டியவரிடம் விருப்பத்தைப் பற்றிப் பேசிப் பயனில்லை. கையடக்க ஸ்கேனரைக் கொடுத்து ஒரு வாரம் பழகவிட்டால் விருப்ப மதிப்பெண் தானாக ஏறுகிறதா என்று பார்க்கலாம். ஏறினால் அது திறன் தடை, விருப்பத்தின் உடுப்பில் வந்திருந்தது. ஏறாவிட்டால் அச்சம்தான். சில வேளைகளில் இரண்டுமே இராது. மென்பொருளே மோசமாக இருக்கும். குறைந்த மதிப்பெண்ணுக்கு ஊழியர் மட்டும்தான் காரணம் என்று எடுத்துக்கொள்ளும் மதிப்பீடு அதைக் காணவே காணாது.

கடைசி நிலையான வலுவூட்டலைத் தொடக்க நாளுக்கு முன் நேராக அளக்க முடியாது. இன்னும் நடக்காத பழக்கம் நிலைக்குமா என்று யாரிடம் கேட்பது? கர்ட் லெவின் 1947இல் மாற்றத்தை இளக்குதல், நகர்த்துதல், மீண்டும் உறையவைத்தல் என்று மூன்றாகப் பிரித்தார்; அந்தக் கடைசிப் படிதான் இங்கே வேறு பெயரில் இருக்கிறது. முன்கூட்டியே பார்க்க முடிவது அதற்கான ஏற்பாடுகளை மட்டும்தான். பழைய எக்செல் கோப்பு எந்தத் தேதியில் படிக்க மட்டும் என்று பூட்டப்படும்? மேலாளர் கூட்டத்துக்கு வரும் இருப்பு அறிக்கை புதிய மென்பொருளிலிருந்து எடுக்கப்படுமா, அல்லது யாராவது தனியாகத் தட்டச்சு செய்து கொண்டுவருவார்களா? முதல் மாதத்தில் பிழை செய்பவருக்கு உதவியா, விளக்கம் கேட்கும் கடிதமா? நம் உதாரணத்தில் வலுவூட்டலுக்குக் கிடைத்த 3.0, ‘இந்த மூன்று கேள்விக்கும் எங்களுக்கு விடை தெரியாது’ என்று ஊழியர்கள் சொல்வதன் எண்வடிவம்தான்.

தொடங்கிய முப்பதாம் நாளில் மூன்றாம் அளவீடு வர வேண்டும். அப்போது வினாத்தாளைவிட மென்பொருளின் பதிவேடே நம்பகமான சாட்சி. கிடங்கின் பதிவுகள் சரக்கு வந்த நேரத்தில் நாள் முழுவதும் பரவலாக விழுந்திருந்தால் பழக்கம் மாறிவிட்டது. எல்லாம் மாலை ஐந்து மணிக்கு மேல் ஒரே கொத்தாக விழுந்திருந்தால், பழைய எக்செல் கோப்பு எங்கோ இன்னும் திறந்திருக்கிறது.