பேச்சலர் பட்டமும் பிரம்மச்சரியமும்

பட்டச் சான்றிதழ்களைச் சரிபார்ப்பது என் வேலை. சென்ற வாரம் சட்டம் படித்த ஒருவர், "மணமாகாதவர்கள் மட்டுமே படித்த காலத்தில் வைத்த பெயர்தானே பேச்சலர்?" என்று உறுதியாகக் கேட்டார். இந்த ஆண்டில் இதை என்னிடம் சொன்ன மூன்றாவது பட்டதாரி அவர்.

அப்படியில்லை. நடுக்கால லத்தீனில் 'பாக்கலாரியுஸ்' என்பது முதலில் கீழ்நிலைக் குத்தகை உழவரைக் குறித்தது. பின்னர் அச்சொல், சொந்தக் கொடி பிடிக்கும் தகுதியில்லாமல் வேறொருவர் கொடியின் கீழ்ப் போரிட்ட இளம் வீரருக்கும், அதே போக்கில் ஆசிரியரின் கண்காணிப்பில் பயிற்சி பெற்ற மாணவருக்கும் ஆகி வந்தது. இளையவர், இன்னும் தனித்து நிற்காதவர் என்பதே அதன் உட்பொருள். மணமாகாதவர் என்பது அந்த 'இளைஞர்' என்ற பொருளிலிருந்து ஆங்கிலத்தில் பின்னால் கிளைத்தது. லாரல் மரத்தின் கனியை நினைவூட்டும் 'பாக்கலௌரேயுஸ்' என்ற வடிவமும் கற்றவர்கள் சொல்லை வைத்து விளையாடியதில் வந்ததே. தமிழில் 'இளங்கலை' என்று பெயரிட்டவர்கள் சரியாகவே பிடித்திருக்கிறார்கள்.

பாரிஸ் பல்கலைக்கழகத்துக்கு 1215-இல் வகுக்கப்பட்ட விதிகளின்படி, கலைப் பாடங்களைக் கற்பிக்க விரும்புபவர் ஆறு ஆண்டுகள் படித்து 21 வயதை எட்டியிருக்க வேண்டும். இறையியலுக்கு 35 வயது. கற்பிக்கும் உரிமம் பெற்றுத் தொப்பி அணிந்து முதல் விரிவுரை நிகழ்த்திய பின்னரே ஒருவர் 'மாகிஸ்டர்', அதாவது ஆசிரியர் ஆனார். 'டோக்டர்' என்பதும் கற்பித்தலைக் குறிக்கும் 'டோகேரே' என்ற வினையிலிருந்து வந்ததுதான். பாரிஸின் கலைத்துறையில் மாகிஸ்டர் என்றவரை, இத்தாலியின் பொலோன்யா பல்கலைக்கழகச் சட்டத்துறையில் டோக்டர் என்றார்கள். அன்று ஒன்று மற்றொன்றுக்கு மேல்படி அன்று. ஆகவே, முனைவர்கள் மருத்துவர்களிடமிருந்து டாக்டர் பட்டத்தை இரவல் வாங்கினார்கள் என்று தயவுசெய்து சொல்லாதீர்கள். எம்.பி.பி.எஸ். பட்டத்தில் இருப்பதும் 'பாக்கலௌரேயுஸ்' தான். அதைப் பெற்றவரை டாக்டர் என்பது நாளடைவில் வந்த மரியாதை வழக்கு. (இதைச் சொன்னதற்காக என் மருத்துவ நண்பர் ஒருவர் இரண்டு நாள் பேசவில்லை.)

என்னிடம் கேட்ட அந்தச் சட்டப் பட்டதாரியின் விண்ணப்பத்தில் இன்னொரு பிழையும் இருந்தது. 'எல்.எல்.பி.' என்று இரண்டு எல்லுக்கும் நடுவில் புள்ளி வைத்திருந்தார். முதல் எல் எதைக் குறிக்கிறது என்று கேட்டதற்குப் பதில் இல்லை. முழுப் பெயர் 'லேகும் பாக்கலௌரேயுஸ்', அதாவது சட்டங்களில் இளநிலை. 'லேகும்' என்ற ஒரே சொல் பன்மை என்பதைக் காட்ட லத்தீன் வழக்கப்படி முதலெழுத்து இரட்டிக்கிறது, ஆகவே 'எல்எல்.பி.' என்று எழுதுங்கள். அதேபோல, 'ஃபிலோசோஃபியே டோக்டர்' என்பதன் சுருக்கத்தில் பியும் எச்சும் சேர்ந்து முதல் சொல்லின் தொடக்கம் என்பதால், அவற்றையும் புள்ளியிட்டுப் பிரிக்காதீர்கள். பெயர்ப்பலகை எழுதுபவரிடம் கொடுக்கும் முன் சான்றிதழை ஒருமுறை எடுத்துப் பாருங்கள். சரியான வடிவம் பெரும்பாலும் அதிலேயே அச்சாகியிருக்கும்.