தலசீமியா: குருதி ஏற்ற வரும்போதும் கலியாணம் பேசும்போதும்

தலசீமியா என்பது உடலால் போதிய ஈமோகுளோபினை உருவாக்க முடியாத பரம்பரைக் குருதி நோய். அரச வைத்தியசாலையில் தலசீமியாப் பிள்ளைக்குக் குருதி ஏற்றுவது, இரும்பு நீக்கும் மருந்து, கிளினிக் பரிசோதனை எல்லாம் இலவசம். யாழ் போதனா வைத்தியசாலையிலும் இதே முறைதான். குருதிக்குப் பதிலாக ஆள் கூட்டிவர வேண்டும் என்ற நிபந்தனையும் இல்லை. 2014 முதல் நாட்டின் குருதி முழுவதும் தாமாக முன்வரும் கொடையாளர்களிடமிருந்தே பெறப்படுகிறது. ஆகவே பிள்ளைக்காகச் சித்தப்பாவையும் மாமாவையும் வரிசையில் நிறுத்தத் தேவையில்லை. உண்மையில், நெருங்கிய உறவினரின் குருதியை இந்தப் பிள்ளைகளுக்கு ஏற்றாமல் விடுவதே நல்லது. பிறகு எலும்பு மச்சை மாற்று சிகிச்சை செய்ய நேர்ந்தால் அந்த உறவினரின் மச்சையைப் பிள்ளையின் உடல் நிராகரிக்கும் வாய்ப்பு கூடிவிடும். அவர்கள் பொதுக் குருதிக்கொடை முகாமில் கொடுக்கட்டும்.

நோய் பிறந்த உடனே தெரியாது. 6 மாதத்துக்கும் 2 வயதுக்கும் இடையில், கருவில் இருந்த வகை ஈமோகுளோபின் குறையும்போதுதான் பிள்ளை வெளிறும், பால் குடிக்கச் சோர்வடையும், வயிறு உப்பும். 11 மாதம், நிறை 8 கிலோ, ஈமோகுளோபின் 6 என்று ஒரு பிள்ளை வாட்டில் சேர்க்கப்படுகிறது என்று வையுங்கள். குருதி ஏற்றும் அவசரத்தில் தவறவிடக்கூடாத ஒரு காரியம் உண்டு. முதல் பை ஏறுவதற்கு முன்பே, ஈமோகுளோபின் வகையைப் பிரித்துப் பார்க்கும் எச்.பி.எல்.சி. பரிசோதனைக்கும், குருதிக் கூட்டத்தை விரிவாகப் பார்க்கும் பரிசோதனைக்கும் மாதிரி எடுக்க வேண்டும். ஏறிய பின் எடுத்தால் கொடையாளரின் குருதிதான் அறிக்கையில் தெரியும். நோயை உறுதிசெய்ய மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டி வரலாம். "மாதிரி எடுத்தாச்சா, மிஸ்?" என்று வாட்டில் கேட்பது குற்றம் இல்லை.

விரிவான பரிசோதனை எதற்கு? ஏ, பி, ஓ, ஆர்.எச்.டி. பொருந்தினால் ஒருமுறை ஏற்றுவதற்குப் போதும். வாழ்நாள் முழுதும் ஏற்றும் ஒருவருக்குப் போதாது. மற்ற ஆர்.எச். கூறுகளும் கெல் வகையும் பொருந்தாவிட்டால் உடல் எதிர்ப்பொருள் உருவாக்கும். அதன்பின் பொருத்தமான பை கிடைப்பது கடினமாகும். இந்த விவரத்தைக் கிளினிக் கொப்பியின் முதற்பக்கத்தில் எழுதுவித்துக்கொள்ளுங்கள். கொழும்புக்கோ வேறு மாவட்டத்துக்கோ போனால் அந்தப் பக்கம்தான் கைகொடுக்கும்.

8 கிலோ பிள்ளைக்கு ஒரு தடவை கிலோவுக்கு 15 மி.லீ. என்றால் 120 மி.லீ. சிவப்பணு. 2 முதல் 5 வாரத்துக்கு ஒருமுறை வர வேண்டும். அடுத்த தடவை வரும்போது ஈமோகுளோபின் 9.5க்குக் கீழே போகாமல் பார்ப்பதே குறி. வெளிறிய பின் வரலாம் என்று தள்ளிப்போட்டால் எலும்பு மச்சை பெருத்து முகத்தெலும்பு மாறும், வளர்ச்சி குன்றும். பொருத்தம் பார்க்கும் மாதிரி பொதுவாக 3 நாளுக்கு மேல் செல்லாது. முதல் நாளே வந்து கொடுத்துவிட்டால் மறுநாள் காத்திருப்பு குறையும். பை 3 முதல் 4 மணித்தியாலத்தில் ஏறும். குளிர்ப்பெட்டியிலிருந்து எடுத்து 4 மணித்தியாலத்துக்குள் முடிய வேண்டும். நடுக்கம், முதுகுவலி, மூச்சுத்திணறல், தேயிலைச் சாயம்போல் சிறுநீர் என்று ஏதாவது வந்தால் உடனே தாதியைக் கூப்பிடுங்கள். குழாயை நீங்களாகத் திறக்கவோ கழற்றவோ வேண்டாம்.

அந்த 120 மி.லீ. உடன் ஏறத்தாழ 80 மி.கி. இரும்பும் உடலுக்குள் போகிறது. உடல் தானாக வெளியேற்றக்கூடியது நாளொன்றுக்கு 1 மி.கி. அளவுதான். மிச்சம் ஈரலிலும் இதயத்திலும் தங்கும். அதனால் 10 முதல் 20 தடவை ஏற்றிய பின், அல்லது உடலில் சேர்ந்த இரும்பைக் காட்டும் ஃபெரிற்றின் அளவு 1000ஐத் தாண்டியபின், இரும்பு நீக்கும் மருந்து தொடங்குவார்கள். இந்த மருந்து எடுக்கும் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் மருந்தை நிறுத்திவிட்டு அன்றே வைத்தியசாலைக்குப் போங்கள். சில வகை மருந்து வெள்ளணுவைக் குறைத்துவிடும், அதை அன்றே எண்ணிப் பார்க்க வேண்டும். இரும்புச்சத்து மாத்திரையை "குருதிச்சோகைதானே" என்று கடையில் வாங்கிக் கொடுப்பது, நான் கண்டவற்றுள் மிக மோசமான நல்லெண்ணம்.

குருதி ஏற்றுவதில் வேறு முறை வேண்டிய இன்னொரு பரம்பரை நோயும் உண்டு. சிவப்பணு அரிவாள்போல் வளைந்து குருதிக்குழாயை அடைத்து வலி நெருக்கடி தரும் அரிவாள் செல் நோய் அது, இலங்கையில் அரிது. அந்தப் பரம்பரை அலகும் தலசீமியா அலகும் ஒரு பிள்ளையில் சேர்ந்தாலும் அதே வகை வலி நெருக்கடி வரும். அங்கே முறை வேறு. சாதாரண வலிக்குக் குருதி ஏற்றுவதில்லை. ஈமோகுளோபினை 10க்கு மேல் உயர்த்தினால் குருதி தடித்து அடைப்பு கூடும். வைத்தியசாலைக்கு வந்து அரை மணிக்குள் பலமான வலிநிவாரணி கிடைக்க வேண்டும், பிறகு நீர்ச்சத்து. வீட்டில் ஐஸ் ஒத்தடம் வைக்கவே கூடாது, இளஞ்சூடு நல்லது. 38.5 பாகைக்கு மேல் காய்ச்சல், நெஞ்சுவலியோடு மூச்சுத்திணறல், வயிற்றின் இடப்பக்கம் திடீரென வீங்கி வெளிறல், கை கால் ஒருபக்கம் சோர்தல் எதுவானாலும் 1990ஐ அழையுங்கள். சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம்.

இனி அந்த 11 மாதத் தலசீமியாப் பிள்ளையின் குடும்பம். தகப்பனும் தாயும் காவிகள், அதாவது நோய் இல்லாமல் அதன் பரம்பரை அலகை மட்டும் கொண்டவர்கள் என்பது உறுதி. தகப்பனின் தம்பிக்கு அவரது மாமன் மகளைப் பேசியிருக்கிறார்கள். தம்பி காவியாக இருக்கும் வாய்ப்பு இரண்டில் ஒன்று. சொந்தத்துக்குள் என்பதால் பெண்ணுக்கும் அதே அலகு வந்திருக்கலாம். இருவரும் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையிலோ குடும்பநல உத்தியோகத்தரிடமோ சொன்னால் பரிசோதனைக்கு வழிப்படுத்துவார்கள்.

அறிக்கையில் எம்.சி.வி. என்பது சிவப்பணுவின் பருமன், எம்.சி.எச். என்பது ஒரு சிவப்பணுவில் உள்ள ஈமோகுளோபின், எச்.பி.ஏ.2 அல்லது ஏ2 என்பது ஈமோகுளோபினின் ஒரு வகை. தம்பியின் அறிக்கை: எம்.சி.வி. 66, எம்.சி.எச். 21, எச்.பி.ஏ.2 5.2 சதவீதம். ஏ2 3.5க்கு மேல் என்பதால் காவி. பெண்ணுக்கு எம்.சி.வி. 74, எம்.சி.எச். 25, ஏ2 3.3, ஃபெரிற்றின் 6. "3.3தானே, பிரச்சினை இல்லை" என்று நாள் குறித்தால் பிழை. இரும்புக் குறைபாடு ஏ2 அளவைக் கீழே இறக்கிக் காட்டும். 3 மாதம் இரும்பு மாத்திரை எடுத்துத் திரும்பப் பார்க்க வேண்டும். அப்போது எம்.சி.வி. 84, ஏ2 2.8 என்றால் அவர் காவி இல்லை. எம்.சி.வி. 71இல் நின்று ஏ2 3.9 ஆனால் காவி. இரண்டுக்கும் நடுவில் தொங்கினால் மரபணுப் பரிசோதனை. ஆகவே கலியாணத் திகதிக்கு 4, 5 மாதம் முன்பே தொடங்குங்கள். முழுக் குருதி எண்ணிக்கையை மட்டும் நம்பாதீர்கள். அரிவாள் செல் காவிக்கு எம்.சி.வி. சரியாகவே இருக்கும், எச்.பி.எல்.சி.யில்தான் பிடிபடும்.

இருவரும் காவி என்றால் ஒவ்வொரு கர்ப்பத்திலும் நோய்க்கான வாய்ப்பு நான்கில் ஒன்று. முதற்பிள்ளைக்கு வந்துவிட்டதால் அடுத்த மூன்றும் தப்பும் என்பது கணக்கு அல்ல. ஒருவர் மட்டும் காவி என்றால் நோய்ப்பிள்ளை பிறக்காது. பரிசோதனையைக் கட்டாயமாக்கும் சட்டமும் இல்லை, காவிகள் கட்டக்கூடாது என்ற சட்டமும் இல்லை. ஆனால் தண்டனைச் சட்டக்கோவையின் 303ஆம் பிரிவுப்படி, தாயின் உயிரைக் காக்க அன்றிக் கருக்கலைப்பு குற்றம். கருவிலேயே நோய் தெரிந்தாலும் இங்கே அது ஒரு வழி அல்ல. அறிக்கையை இருவரும் தனியாக ஆலோசகரிடம் கேட்கும் உரிமை உண்டு. பெரியவர்களுக்கு என்ன சொல்வது என்பதை அவர்களே தீர்மானிக்கலாம்.