டிக் விழுந்தும் கதவைத் திறக்காத கேப்சா

போன வாரம் ஒரு தளத்தில் உள்நுழையப் பார்த்தேன். ‘நீங்கள் மனிதர்தானா?’ பெட்டியைத் தொட்டதும் பச்சை டிக் விழுந்தது. பக்கம் புதுப்பித்துக்கொண்டது. மறுபடியும் அதே பெட்டி. இப்படியே ஐந்து தடவை. சோதனையில் தோற்றிருந்தால் டிக்கே விழுந்திருக்காது. ஆக, நான் தேறிவிட்டேன். தேறியதற்கான சீட்டுதான் வழியில் எங்கோ தொலைகிறது.

பல தளங்களின் வாசலில் காவல் நிற்கும் கிளவுட்ஃப்ளேரை எடுத்துக்கொள்வோம். அதன் நிரல் நம் பிரவுசருக்குள் ஓடி, இது நிஜ பிரவுசர்தானா என்று பார்க்கும். திருப்தியானால் `cf_clearance` என்ற குக்கீயைக் கொடுக்கும். வழக்கமாக 30 நிமிடம் செல்லும் நுழைவுச்சீட்டு அது. சர்வருக்கு நம் முகம் நினைவிருக்காது. பக்கம் புதுப்பிக்கும்போது பிரவுசர் அந்தச் சீட்டை நீட்டியாக வேண்டும். நீட்டாவிட்டால் நாம் புது ஆள், முதலிலிருந்து சோதனை.

சீட்டு கிடைக்காமலே போவதும் உண்டு. விளம்பரத் தடுப்பான் அந்த நிரலையே மறித்துவிட்டால் பெட்டி வராது, அல்லது சுற்றிக்கொண்டே இருக்கும். குரோமில் F12 அழுத்தி Console-ஐப் பார்த்தால் `ERR_BLOCKED_BY_CLIENT` என்று சிவப்பில் கிடக்கும். மறித்தது நம் வீட்டு ஆள்தான் என்று அதற்கு அர்த்தம். பிரவுசரில் நாம் சேர்த்துக்கொள்ளும் வேறு சில நீட்சிகள் அதன் பெயரையே மாற்றிச் சொல்லும். கோரிக்கையில் ஒரு பெயர், நிரல் உள்ளே பார்க்கும்போது வேறு பெயர் என்றால் காவலாளிக்குச் சந்தேகம் வராமல் இருக்குமா?

எல்லோரும் முதலில் விபிஎன்னைத்தான் திட்டுகிறார்கள். அதன் குற்றம் கொஞ்சம் வேறு மாதிரி. ஒரே ஐபி முகவரியிலிருந்து முன்பின் தெரியாத பலர் வருகிறார்கள், அவர்களோடு தானாக இயங்கும் பாட் நிரல்களும் வருகின்றன. அதனால் சோதனை அடிக்கடி வரும், கடுமையாகவும் இருக்கும். ஆனால் டிக் விழுந்த பிறகும் சுற்றல் தொடர்ந்தால் நான் முதலில் நீட்சிகளைத்தான் சந்தேகிப்பேன். நடுவில் விபிஎன் அறுந்து வேறு முகவரியில் இணைந்தால் மட்டும் கதை மாறலாம்.

சரி, எது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? விபிஎன்னை அப்படியே விட்டுவிட்டு இன்காக்னிட்டோ சாளரத்தில் திறந்தேன். நாமாக அனுமதி கொடுக்காத நீட்சிகள் அங்கே ஓடாது. ஒரே டிக்கில் உள்ளே போய்விட்டேன். அங்கேயும் சுற்றியிருந்தால் அடுத்து விபிஎன்னை அணைத்துப் பார்த்திருப்பேன்.

அப்புறம் பழைய சாளரத்தில் F12, Application, Cookies என்று போனேன். டிக் விழுந்த பிறகும் `cf_clearance` அங்கே இல்லை. நான் அனுமதித்த தளங்களைத் தவிர வேறெதன் குக்கீயையும் ஏற்காத நீட்சி ஒன்றை எப்போதோ நிறுவியிருந்தேன். இந்தத் தளமோ புதிது. அதை அனுமதிப் பட்டியலில் சேர்த்தேன், சுற்றல் நின்றது. ஐந்து தடவையும் என்னிடம் திட்டு வாங்கிய விளம்பரத் தடுப்பான் இப்போதும் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது.