சம்மணம் போட முடியாத குழந்தையின் தொடை எலும்பு

கடலூர் மஞ்சக்குப்பத்திலிருந்து ஒரு தாய் எழுதியிருந்தார். மகளுக்கு 5 வயது. நடக்கும்போது இரண்டு பாதமும் உள்பக்கமாகத் திரும்புகிறது. ஓடினால் ஒரு கால் இன்னொரு காலில் தட்டி விழுந்துவிடுகிறாள், அதுவும் சாயங்காலம் களைத்துப் போயிருக்கும்போது அதிகமாக. பள்ளியில் சம்மணம் போடச் சொன்னால் முட்டி தரையிலிருந்து மேலே தூக்கிக்கொண்டே நிற்கிறது. வீட்டிலோ முட்டியை முன்னால் சேர்த்து, கால் இரண்டையும் பக்கத்துக்கு ஒன்றாகப் பின்னால் மடக்கி மணிக்கணக்கில் உட்கார்ந்திருக்கிறாள். குழந்தையை இடுப்பிலேயே தூக்கி வைத்திருந்ததால் வந்த வினை என்கிறார் பாட்டி. ஒரு கடைக்காரர் ஸ்பெஷல் ஷூ போட்டால் சரியாகிவிடும் என்று விலையும் சொல்லிவிட்டார். அறுவை சிகிச்சை வேண்டியிருக்குமா என்பதுதான் அவர் கேள்வி.

சில்வர் பீச்சில் ஈர மணலில் மகளை நடக்கவிட்டு, காலடித் தடங்களைப் படமெடுத்தும் அனுப்பியிருந்தார். அருமையான யோசனை. நடக்கும் திசைக்கு ஒரு கோடு, குதிகாலிலிருந்து இரண்டாவது விரலுக்கு ஒரு கோடு என்று வரைந்தால் நடுவில் ஒரு கோணம் கிடைக்கும். பெரும்பாலானவர்களுக்குப் பாதம் 5 முதல் 10 டிகிரி வெளிப்பக்கமாகப் பார்க்கும். இந்தக் குழந்தைக்கு அதே அளவு உள்பக்கமாகப் பார்த்தது. ஆனால் திருப்பம் எந்த எலும்பில் இருக்கிறது என்பதை மணல் சொல்லாது. மூன்று இடங்களில் ஒன்றாக இருக்கலாம்.

பாதத்தின் முன்பகுதியே உள்பக்கமாக வளைந்திருப்பது கைக்குழந்தைகளில் பார்ப்பது. பெரும்பாலும் முதல் ஓரிரு ஆண்டுகளில் தானே நேராகிவிடும். கணைக்கால் எலும்பு உள்பக்கமாக முறுகியிருப்பதை டிபியல் டார்ஷன் என்போம். நடக்கத் தொடங்கிய 1 முதல் 3 வயதுக் குழந்தைகளில் இதைத்தான் அதிகம் பார்க்கிறோம். முழங்கால் சில்லு நேராகப் பார்க்கும், பாதம் மட்டும் உள்ளே திரும்பும். 3 வயதுக்கு மேல் தெரியவருவது தொடை எலும்பின் முன்திருப்பம், அதாவது ஃபெமோரல் ஆன்டிவெர்ஷன். இதில் முழங்கால் சில்லுகளே ஒன்றை ஒன்று பார்க்கும். பெண் குழந்தைகளிடம் கூடுதலாகக் காணப்படும். மஞ்சக்குப்பத்துக் குழந்தைக்கு இதுதான் இருக்கும் என்று சம்மணக் கதையைப் படித்தபோதே தோன்றியது. ஏன் என்று சொல்கிறேன்.

இடுப்பு மூட்டு ஒரு பந்துக்கிண்ண மூட்டு என்று பள்ளியில் படித்திருப்போம். பந்து தொடை எலும்பின் உச்சியில் நேராக உட்கார்ந்திருக்கவில்லை. எலும்பின் தண்டிலிருந்து பக்கவாட்டில் பிரியும் ஒரு கழுத்தின் முனையில் இருக்கிறது. மருத்துவக் கல்லூரியில் தொடை எலும்பை மேசையில் கிடத்தி, முழங்கால் பக்கத்துக் குமிழ்கள் இரண்டும் மேசையைத் தொடும்படி வைப்பார்கள். அப்போது கழுத்து மேசையோடு ஒட்டிக் கிடக்காமல் பந்தோடு சேர்ந்து சற்று மேலே எழும்பி நிற்கும். அந்தச் சரிவுதான் முன்திருப்பம். பெரியவர்களுக்கு அது சுமார் 15 டிகிரி. பிறந்த குழந்தைக்குச் சுமார் 40 டிகிரி.

சரி, இந்த எலும்பை உடம்புக்குள் பொருத்திப் பாருங்கள். முழங்கால் நேராக முன்னால் பார்க்கும்படி குழந்தை நின்றால், 40 டிகிரி முன்திருப்பம் உள்ள பந்து கிண்ணத்தின் முன்பக்கமாக எட்டிப் பார்க்கும். பந்து கிண்ணத்தில் நன்றாகப் பதிய வேண்டுமென்றால் தொடை முழுவதும் உள்பக்கமாகச் சுழல வேண்டும். குழந்தை தன்னை அறியாமலே அப்படிச் சுழற்றிக்கொள்கிறது. கூடவே முழங்காலும் பாதமும் உள்ளே திரும்புகின்றன. ஆக, நம் கண்ணுக்குக் கோணலாகத் தெரியும் அந்த நடைதான் இடுப்பு மூட்டுக்கு வசதியான நடை. சம்மணம் போடத் தொடை வெளிப்பக்கமாகச் சுழல வேண்டும், இந்த எலும்பு அந்தப் பக்கம் அதிக தூரம் போகாது. கால்களைப் பின்னால் மடக்கி உட்காரத் தொடை உள்பக்கமாகச் சுழன்றால் போதும், அது சுலபமாக வரும். அப்படி உட்கார்வதால் கால் திரும்பிவிட்டது என்று பலர் சொல்வது தலைகீழ். எலும்பு அப்படி இருப்பதால்தான் குழந்தை அப்படி உட்கார்கிறது.

இதில் எனக்கு எப்போதும் ஆச்சரியம் தருவது ஒன்று உண்டு. முன்திருப்பம் மிக அதிகமாக இருப்பது பிறந்த குழந்தைக்கு. அப்படியென்றால் அதன் கால்கள்தான் மிக அதிகமாக உள்ளே திரும்பியிருக்க வேண்டும். ஆனால் தொட்டிலில் கிடக்கும் குழந்தையைப் பாருங்கள், தொடை வெளிப்பக்கமாக விரிந்து கிடக்கும். புதிதாக நடக்கும் குழந்தையும் பாதத்தை வெளியே திருப்பிக்கொண்டுதான் தத்தித் தத்தி நடக்கும். காரணம் கருப்பையின் இடநெருக்கடி. மாதக்கணக்கில் தொடையை மடக்கி விரித்தபடியே இருந்ததால், இடுப்பு மூட்டைச் சுற்றியுள்ள உறையும் தசைநார்களும் அந்த வாக்கில் இறுகியிருக்கின்றன. எலும்பு உள்ளே இழுக்கிறது, உறை வெளியே இழுக்கிறது, முதலில் ஜெயிப்பது உறை. நடை பழகப் பழக உறை தளர்ந்துவிடும். எலும்பின் திருப்பமோ அதைவிட மெதுவாகத்தான் குறையும். அந்த இடைவெளியில், 3 வயதுக்கு மேல், அதுவரை மறைந்திருந்த முன்திருப்பம் வெளியே தெரிகிறது. "போன வருஷம் நன்றாக நடந்தாளே, இப்போதுதானே வந்தது" என்று பெற்றோர் பதறுவது இந்தக் கட்டத்தில்தான். உண்மையில் புதிதாக எதுவும் வரவில்லை, பிறந்தபோது இருந்ததைவிடத் திருப்பம் குறைந்துகூட இருக்கும்.

எலும்பு எப்படி நேராகிறது? வளரும் எலும்பின் முனையில் குருத்தெலும்பாலான வளர்தட்டு இருக்கிறது. புது எலும்பு அங்கேதான் உருவாகிறது, அதன்மேல் விழும் விசைக்கு ஏற்றபடி உருவாகிறது. நிமிர்ந்து நடக்கும் ஒவ்வொரு அடியிலும் மூட்டுறையின் முன்பகுதி இழுபட்டுப் பந்தைப் பின்னோக்கி அழுத்துகிறது. வருடத்துக்கு ஒன்றிரண்டு டிகிரி என்ற வேகத்தில் திருப்பம் குறைந்துகொண்டே வந்து, 8 முதல் 10 வயதுக்குள் பெரும்பகுதி சரியாகிவிடும். நடப்பதற்கு இதில் பங்கு உண்டு என்பதற்கு ஒரு வருத்தமான சான்றும் இருக்கிறது. மூளை முடக்குவாதத்தால் நடக்க முடியாத, அல்லது வெகு தாமதமாக நடக்கும் குழந்தைகளுக்கு அந்த முன்திருப்பம் குறையாமல் அப்படியே தங்கிவிடுகிறது.

அந்தத் தாயை மகளோடு புதுச்சேரிக்கு வரவழைத்துக் குழந்தையைப் பரிசோதித்தேன். இந்தச் சோதனைக்கு ஸ்கேன் தேவையில்லை, ஒரு கோணமானி போதும். குழந்தையைக் குப்புறப் படுக்க வைத்து, முழங்காலை 90 டிகிரி மடக்கினால் பாதம் கூரையைப் பார்க்கும். இப்போது இரண்டு பாதத்தையும் வெளிப்பக்கமாகச் சாயவிட வேண்டும். பார்க்க வினோதமாக இருக்கும், பாதம் வெளியே சாயும்போது தொடை உள்ளேதான் சுழல்கிறது. அவளுக்கு உள்சுழற்சி 75 டிகிரி, வெளிச்சுழற்சி 20 டிகிரி, இரண்டு காலிலும் ஒரே அளவு. பெண் குழந்தைகளுக்கு உள்சுழற்சி 70 வரை சாதாரணம், 80 வரை லேசான முன்திருப்பம் என்று கணக்கு. இரண்டையும் கூட்டிப் பாருங்கள், 95. ஆரோக்கியமான மூட்டு மொத்தமாகச் சுழல்வதும் கிட்டத்தட்ட 100 டிகிரிதான். அதாவது மூட்டின் சுழற்சி குறையவில்லை, மொத்தமாக உள்பக்கம் நகர்ந்திருக்கிறது. மூட்டில் நோய் இருந்தால் கூட்டுத்தொகையே சுருங்கியிருக்கும், முதலில் அடிபடுவதும் உள்சுழற்சிதான். அடுத்து, அதே நிலையில் மேலிருந்து பார்த்துத் தொடையின் கோட்டுக்கும் பாதத்தின் கோட்டுக்கும் உள்ள கோணத்தை அளந்தேன். பாதம் 10 டிகிரி வெளியே பார்த்தது, கணைக்கால் எலும்பில் குறையில்லை.

எதற்கு எது சாதாரணம் என்று சொல்லும் அட்டவணையை 1985-ல் லின் ஸ்டஹேலி என்ற எலும்பியல் மருத்துவர் வெளியிட்டார். நலமாக இருந்த 500 பேரின் 1000 கால்களைத் தன் குழுவோடு அளந்து எடுத்த கணக்கு அது. அமெரிக்காவில் எடுத்தது. தரையில் உட்கார்ந்து, சம்மணம் போட்டுச் சாப்பிட்டு வளரும் நம் பிள்ளைகளை நம் பள்ளிகளிலேயே பெரிய அளவில் அளக்க வேண்டும் என்பது என் ஆசை. ஒரு பாயும் கோணமானியும் வைத்துச் செய்யக்கூடிய ஆராய்ச்சிக்கு நம்மிடம் பணம் ஒதுக்கப்பட வேண்டும்.

ஸ்பெஷல் ஷூ வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். ஷூவும் பட்டையும் பாதத்தைத்தான் பிடிக்கும். அவை தரும் முறுக்கு கணுக்காலிலும் முழங்காலிலும் செலவாகிவிடும், தொடை எலும்புக்குப் போய்ச் சேராது. போட்டவர்களுக்கும் போடாதவர்களுக்கும் முன்திருப்பம் ஒரேபோலத்தான் குறைகிறது என்று 1970-களிலேயே அளந்து பார்த்துவிட்டார்கள். அப்படியிருந்தும் கூலி வேலை செய்யும் குடும்பங்களிடம் இவற்றை விற்பது எனக்குக் கோபம் வரவைக்கிறது. பாட்டிக்கும் பதில் சொன்னேன். இடுப்பில் கால் விரித்து உட்காரவைத்துத் தூக்குவது குழந்தையின் இடுப்பு மூட்டுக்கு நல்லதுதான். குளிப்பாட்டும்போது எண்ணெய் தேய்க்கலாம், ஆனால் காலைப் பிடித்து முறுக்கி நேராக்கப் பார்க்கக் கூடாது. முன்திருப்பத்தால் முதுமையில் மூட்டு தேய்ந்துவிடும் என்ற பயத்துக்கும் உறுதியான ஆதாரம் இல்லை. அறுவை சிகிச்சை பற்றிப் பேசுவதே 8, 10 வயதுக்குப் பிறகுதான், அதுவும் உள்சுழற்சி 85-ஐத் தாண்டி, வெளிச்சுழற்சி 10-க்குக் கீழே போய், நடக்கவே சிரமப்படும் ஒரு சிலருக்கு. தொடை எலும்பை வெட்டித் திருப்பிப் பொருத்தும் பெரிய வேலை அது. இவளை ஒரு வருடம் கழித்துத் திரும்ப அளந்தால் போதும்.

இத்தனை தைரியமாகச் சொல்ல முடிந்ததற்குக் காரணம், இரண்டு காலும் ஒரேபோல இருந்தது, வலி இல்லை, நொண்டல் இல்லை, உரிய வயதில் நடந்திருக்கிறாள். ஒரு காலில் மட்டும் இருந்தாலோ, மாதத்துக்கு மாதம் கூடினாலோ, தசைகள் விறைப்பாக இருந்தாலோ கதை வேறு. அப்போது வீட்டில் காத்திருக்கக் கூடாது.

அப்புறம், பாதம் வெளியே திரும்புவதற்கு இதே ஆறுதலைச் சொல்ல முடியாது. வளர வளரத் தொடை எலும்பு, கணைக்கால் எலும்பு இரண்டுமே வெளிப்பக்கமாகத்தான் திரும்புகின்றன. உள்ளே திரும்பியிருக்கும் காலை வளர்ச்சி நேராக்கும், கணைக்கால் எலும்பு ஏற்கெனவே வெளியே திரும்பியிருந்தால் அதே வளர்ச்சி அதைக் கூட்டிவிடும். அதனால் 4, 5 வயதுக்கு மேல் வெளியே திரும்பும் காலை அவ்வப்போது அளந்து பார்ப்பது நல்லது.

அதிலும் 10 முதல் 15 வயதுக்குள், உடல் பருமனான பிள்ளை ஒருவன் புதிதாக ஒரு காலை வெளியே திருப்பி நொண்ட ஆரம்பித்தால் ஒரு நாளும் தள்ளிப்போடாதீர்கள். தொடை எலும்பின் பந்து வளர்தட்டிலிருந்து நழுவத் தொடங்கியிருக்கலாம். ஏமாற்றுவது என்னவென்றால், பல பிள்ளைகள் இடுப்பைக் காட்டாமல் தொடை வலிக்கிறது, முட்டி வலிக்கிறது என்பார்கள். முட்டிக்கு மட்டும் எக்ஸ்ரே எடுத்து ஒன்றுமில்லை என்று அனுப்பிவிட்டால் பந்து இன்னும் நழுவும், அதற்குப் போகும் ரத்த ஓட்டமே தடைப்படலாம். மல்லாக்கப் படுக்கவைத்துத் தொடையை வயிற்றை நோக்கி மடக்கும்போது முட்டி தானாக வெளிப்பக்கம் விலகிப் போனால் சந்தேகம் உறுதியாகும். அந்தப் பிள்ளையை மேற்கொண்டு நடக்கவிடாமல் தூக்கிக்கொண்டு போய், அன்றைக்கே இரண்டு இடுப்புக்கும் நேராகவும், தொடையை விரித்துப் பக்கவாட்டிலும் எக்ஸ்ரே எடுக்கச் சொல்லுங்கள்.