ஆழ்மூளைத் தூண்டல் யாருக்குப் பலன் தரும்? மாத்திரையைக் கேளுங்கள்

பார்க்கின்சன் நோய்க்கு மூளையில் கம்பி வைக்கும் சிகிச்சையைப் பற்றிக் கேட்க வருபவர்கள் பெரும்பாலும் ஒரு பை நிறைய ஸ்கேன் படங்களோடு வருவார்கள். "இதைப் பார்த்து ஆபரேஷன் பண்ணலாமா வேண்டாமான்னு சொல்லுங்க சார்" என்பார்கள். மூளையில் கட்டி, அடைப்பு மாதிரி வேறு சிக்கல் இருக்கிறதா என்று ஸ்கேனில் பார்த்துவிடலாம். ஆனால் டி.பி.எஸ். எனப்படும் ஆழ்மூளைத் தூண்டல் இவருக்குப் பலன் தருமா என்ற கேள்விக்கு நம்பகமான பதிலைத் தருவது அவர் தினமும் போட்டுக்கொள்ளும் லெவோடோபா மாத்திரைதான்.

என்னிடம் வந்த ஒரு தையல்காரரின் கதையைச் சொல்கிறேன். அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். அவருக்கு 57 வயது, நோய் தொடங்கி 9 வருடம். முதல் நான்கைந்து வருடம் ஒரு நாளைக்கு மூன்று வேளை மாத்திரையில் கடையை நடத்தியவர். இப்போது ஏழு வேளை. மாத்திரை வேலை செய்யும்போது நடக்கிறார், பேசுகிறார். ஆனால் கழுத்தும் தோளும் தன்னிச்சையாக நெளிந்து ஆடுகின்றன. மருந்தின் வீரியம் தீர்ந்ததும் கட்டிலிலிருந்து எழ முடியாது. "காலைல பத்து மணி வரைக்கும் இவரைத் திருப்பிப் படுக்க வைக்கிறதுகூட நான்தான் சார்" என்றார் மனைவி.

அவரை முதல் நாள் இரவே அட்மிட் செய்து, 12 மணி நேரம் பார்க்கின்சன் மருந்து எதையும் கொடுக்காமல் விட்டோம். குடும்பத்தார் பயப்படுகிற ராத்திரி அது. மறுநாள் காலை சக்கர நாற்காலியில் வந்தார். கட்டை விரலையும் சுட்டு விரலையும் தட்டச் சொன்னால் நாலு தட்டுக்குள் விரல் சுருங்கி நின்றுவிட்டது. மணிக்கட்டைப் பிடித்து மடக்கினால் பல்சக்கரம் போலக் கடக் கடக் என்று தடுத்தது. கைகால் இறுக்கம், நடுக்கம், நடை என்று ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண் போட்டுக் கூட்டினால் 48 வந்தது. இந்தக் கணக்கில் எண் கூடினால் நோய் கூடுதல் என்று அர்த்தம்.

அப்புறம் வழக்கமான காலை அளவைவிடக் கொஞ்சம் கூடுதலாக லெவோடோபா கொடுத்துக் காத்திருந்தோம். 50 நிமிடம் கழித்து அவரே எழுந்து வராந்தாவில் நடந்தார். சட்டைப் பொத்தானைத் தானே போட்டுக்கொண்டார். மறுபடி கூட்டினோம்: 19. அதாவது 60 சதவீத முன்னேற்றம். 30 சதவீதத்தைத் தாண்டினாலே மேற்கொண்டு யோசிக்கலாம்.

இதில் குடும்பத்தார் புரிந்துகொள்ள வேண்டியது ஒன்று உண்டு. மாத்திரை உச்சத்தில் வேலை செய்யும் அந்த ஒரு மணி நேரத்தில் அவர் எப்படி இருக்கிறாரோ, ஏறக்குறைய அந்த நிலையை நாள் முழுவதும் நீட்டிக் கொடுப்பதுதான் டி.பி.எஸ். செய்யும் வேலை. அதற்கு மேல் பெரிதாக எதிர்பார்க்கக் கூடாது. இதில் நடுக்கம் மட்டும் விலக்கு. மாத்திரைக்கு அடங்காத நடுக்கமும் பல பேருக்கு இதில் அடங்கும்.

அதனால்தான் அதே மாதத்தில் வந்த 64 வயது அம்மா ஒருவருக்கு வேண்டாம் என்று சொன்னேன். நோய் தெரிந்து இரண்டே வருடத்தில் பலமுறை பின்பக்கமாக விழுந்திருந்தார்; கண்ணைக் கீழே இறக்கிப் பார்க்கத் திணறினார்; மாத்திரையில் எந்த மாற்றமும் இல்லை. அது பார்க்கின்சன் போலத் தோன்றும் வேறு நோய், அதற்கு இந்த மின்சாரம் உதவாது. இப்படிப்பட்ட நோய்கள் தங்களைக் காட்டிக்கொள்ளச் சில வருடங்கள் ஆகும் என்பதால்தான் பொதுவாக நாலைந்து வருடமாவது பொறுத்துப் பார்க்கிறோம். மாத்திரை நன்றாக வேலை செய்யும்போதும் நீடிக்கும் தள்ளாட்டம், பேச்சுக் குழறல், ஞாபக மறதி ஆகியவையும் இதில் சரியாவதில்லை. மறதி நோய் தொடங்கிவிட்டவர்களுக்கு அறுவை சிகிச்சையே நிலைமையை மோசமாக்கலாம். தீவிர மனச்சோர்வு இருந்தால் முதலில் அதைச் சரிசெய்ய வேண்டும். வயது 70ஐத் தாண்டினால் கூடுதல் கவனத்தோடு முடிவு எடுக்கிறோம்.

சரி, கம்பி அங்கே என்ன செய்கிறது? அசைவுகளைச் சீராக வைக்கும் டோபமின் என்ற மூளை ரசாயனம் குறையும்போது மூளையின் ஆழத்தில் இருக்கும் சப்தலாமிக் நியூக்ளியஸ் என்ற சிறு பகுதியின் நரம்பணுக்கள் கூட்டமாக ஒரே தாளத்தில் துடிக்கத் தொடங்குகின்றன. அந்தப் பிடிவாதமான தாளம் அசைவுகளை அமுக்கி வைக்கிறது. நொடிக்கு 130 முறை போல வேகமான மின்துடிப்பை அங்கே செலுத்தினால் அந்தத் தாளம் கலைகிறது. 1987இல் பிரான்சின் கிரனோபிள் நகரில் பெனாபிட் என்ற அறுவை மருத்துவர், நடுக்கத்துக்காகத் தலாமஸ் என்ற மூளைப் பகுதியில் ஒரு சிறு இடத்தைச் சுட்டு அழிப்பதற்கு முன் இடம் சரிதானா என்று மின்சாரம் செலுத்திப் பார்த்தபோது, வேகமான துடிப்பில் நடுக்கம் நின்றதைக் கவனித்தார். சுட்டு அழிப்பதற்குப் பதிலாகக் கம்பியை அங்கேயே விட்டுவைக்கும் முறை அங்கிருந்துதான் வளர்ந்தது.

தையல்காரரின் தலையில் சட்டத்தைப் பொருத்தி, எம்.ஆர்.ஐ., சி.டி. படங்களை இணைத்து, போக வேண்டிய வழியைக் கணக்கிட்டோம். மண்டை ஓட்டில் துளை போடும் இடத்தை மட்டும் மரத்துப்போகச் செய்தோம், அவர் விழித்திருந்தார். மெல்லிய ஆய்வுக் கம்பி அரை மில்லிமீட்டர், அரை மில்லிமீட்டராக இறங்கும்போது நரம்பணுக்களின் சத்தம் ஸ்பீக்கரில் கேட்கும். சரியான இடத்தைத் தொட்டதும் அது ஓட்டுக் கூரையில் பெருமழை விழுவது போல அடர்ந்தது. மின்சாரத்தைக் கூட்டக் கூட்ட, நான் பிடித்திருந்த மணிக்கட்டின் இறுக்கம் என் கைக்குள்ளேயே தளர்ந்தது. அந்த நேரத்தில் அவரைப் பேசவும் சொல்கிறோம். வாய் ஒரு பக்கம் இழுத்தாலோ பேச்சு குழறினாலோ கம்பி பக்கத்து நரம்புப் பாதைக்கு மிக அருகில் இருக்கிறது என்று அர்த்தம். இடத்தை மாற்ற வேண்டும். இரண்டு பக்கமும் கம்பி வைத்த பிறகு, மயக்கம் கொடுத்து, காறை எலும்புக்குக் கீழே தோலுக்கடியில் பேட்டரியைப் பதித்தோம்.

நூற்றில் ஓரிருவருக்கு மூளையில் ரத்தக்கசிவு ஏற்படலாம். பேட்டரி இருக்கும் இடத்திலோ வயர் போகும் பாதையிலோ சீழ் பிடித்தால் சில சமயம் எல்லாவற்றையும் எடுக்க நேரிடும். இதை நான் யாரிடமும் மறைப்பதில்லை. தையல் போட்ட இடத்தில் சிவப்பு, நீர்க்கசிவு என்றால் அன்றைக்கே வரச் சொல்கிறேன்.

அறுவை முடிந்த கையோடு சிலர் பேட்டரியை இயக்காமலேயே நன்றாக நடப்பார்கள். கம்பி நுழைந்ததால் ஏற்பட்ட சிறு வீக்கத்தின் பலன் அது. சில வாரங்களில் வடிந்துவிடும். "ஆபரேஷன் வீணாப்போச்சு" என்று அழுதுகொண்டு போன் வருவது அப்போதுதான். உண்மையில் மின்சாரத்தைச் சீராகக் கூட்டும் வேலை அதன் பிறகே தொடங்குகிறது. இவருக்கு ஐந்து மாதத்தில் ஆறு முறை வரவழைத்து அளவை மாற்றினோம். ஏழு வேளை மாத்திரை நான்கானது, நெளிந்து ஆடுவது ஏறக்குறைய நின்றது. குரல் மட்டும் கொஞ்சம் தணிந்துவிட்டது. அதற்குப் பேச்சுப் பயிற்சி கொடுக்கிறோம்.

போன வருடம் முழங்கால் வலிக்கு உள்ளூரில் ஒரு பிசியோதெரபி மையத்துக்குப் போயிருக்கிறார். அங்கே ஷார்ட்வேவ் வெப்ப சிகிச்சைக்குத் தயாரானபோது மனைவி பையிலிருந்து நாங்கள் கொடுத்த அட்டையை எடுத்துக் காட்டியிருக்கிறார். டயதெர்மி என்கிற அந்தச் சிகிச்சையை உடம்பின் எந்தப் பாகத்தில் வைத்தாலும், அதன் ஆற்றல் கம்பி வழியாக ஏறி மூளைத் திசுவையே சூடாக்கிவிடும். பேட்டரியை அணைத்து வைத்தாலும் ஆபத்துதான். அன்று அவருக்கு முழங்காலில் வெந்நீர் ஒத்தடம் மட்டும் கொடுத்து அனுப்பினார்கள்.