புல்லட் புரூஃப்: துளைக்காததா, சோதித்ததா?

அச்சகத்தில் வேலை பார்த்தவர்களுக்கு ‘புரூஃப்’ என்றால் என்னவென்று சொல்ல வேண்டியதில்லை. பிழை இருக்கிறதா என்று பார்ப்பதற்காக முதலில் ஒரு தாள் அடித்துத் தருவார்களே, அதுதான். தமிழில் மெய்ப்பு என்கிறோம். ‘புல்லட் புரூஃப்’ என்பதில் ஒட்டியிருப்பதும் இதே புரூஃப்தான். ஆனால் அதைத் தமிழுக்குக் கொண்டுவந்தபோது சோதனை என்ற பொருளை வழியில் எங்கோ தவறவிட்டு, ‘குண்டு துளைக்காத’ என்று எழுதத் தொடங்கிவிட்டோம்.

‘புல்லட்’ பிரெஞ்சிலிருந்து வந்தது. ‘சிறு உருண்டை’ என்பதே அதன் பொருள். நம் ‘குண்டு’ம் உருண்டைதான், ஆக அந்தப் பாதியில் சிக்கல் இல்லை. ‘புரூஃப்’ என்பது, சோதித்துப் பார்த்தல் என்று பொருள்படும் லத்தீன் சொல்லின் வழியாக வந்தது. ஐரோப்பாவில் துப்பாக்கி பரவிய காலத்தில் மார்புக் கவசம் செய்த கொல்லர்கள், விற்பதற்கு முன் அதன்மேல் ஒரு முறை சுட்டுப் பார்த்தார்கள். குண்டு பட்ட இடத்தில் ஒரு குழி விழும். அந்தக் குழியைத் தட்டிச் சரிசெய்யாமல் அப்படியே விட்டுவிடுவார்கள், வாங்குபவருக்கு அதுதான் சான்று. கைத்துப்பாக்கியால் சோதித்த கவசம் வேறு, நீளத் துப்பாக்கியான மஸ்கெட்டால் சோதித்த கவசம் வேறு. பின்னது தடிமனும் எடையும் கூடியது. ‘எதனால் சோதித்தது?’ என்ற கேள்வி அன்றே அந்தச் சொல்லோடு பிறந்துவிட்டது.

‘துளைக்காத’ என்பதில் அந்தக் கேள்விக்கு இடமே இல்லை. இலக்கணப்படி அது எதிர்மறைப் பெயரெச்சம். எந்தக் குண்டு, எவ்வளவு வேகம், எத்தனை முறை என்று எதையும் கேட்காமல் முக்காலத்துக்கும் சேர்த்து ‘துளைக்காது’ என்று வாக்குக் கொடுத்துவிடுகிறது. அப்படி வாக்குக் கொடுக்கும் உடை உலகத்தில் கிடையாது.

இத்தனைக்கும் பழந்தமிழில் இந்த மயக்கம் இல்லை. புறநானூற்றின் 13ஆம் பாட்டில் ‘புலிநிறக் கவசம் பூம்பொறி சிதைய எய்கணை கிழித்த’ மார்போடு ஒரு சோழன் யானைமேல் வருகிறான். கவசம் அணிந்திருக்கிறான், அம்பு அதைக் கிழித்தும் இருக்கிறது. இரண்டையும் ஒரே மூச்சில் சொல்வதில் புலவருக்கு எந்தச் சங்கடமும் இல்லை.

சரி, இன்றைய உடைக்கு வருவோம். உலகில் பலரும் பின்பற்றும் தரம், அமெரிக்காவின் தேசிய நீதி நிறுவனம் வெளியிடுவது. அதன் தலைப்பிலேயே ‘துளைக்காத’ என்ற பொருளில் ஒரு சொல்லும் கிடையாது. குண்டை ‘எதிர்த்து நிற்கும் திறன்’ என்றுதான் இருக்கிறது. பழைய வரிசையில் 2ஏ, 2, 3ஏ, 3, 4 என்று ஐந்து நிலைகள் இருந்தன. 2023இல் வந்த புதிய தரத்தில் கைத்துப்பாக்கிக்கு எச்ஜி1, எச்ஜி2 என்றும், ரைபிளுக்கு ஆர்எஃப்1, ஆர்எஃப்2, ஆர்எஃப்3 என்றும் பெயர் மாற்றினார்கள். பழைய 3ஏ ஏறக்குறைய இன்றைய எச்ஜி2. பழைய 3 ஆர்எஃப்1 ஆகவும், 4 ஆர்எஃப்3 ஆகவும் மாறின. நடுவில் உள்ள ஆர்எஃப்2 புதிதாக நுழைந்தது. அது ஏன் நுழைந்தது என்பதில்தான் இந்த விஷயத்தின் சாரமே இருக்கிறது.

இந்த எண்களைப் பார்த்தவுடன் எல்லோருக்கும் தோன்றுவது, குண்டின் ஆற்றலுக்கு ஏற்ப ஏறும் படிக்கட்டு இது என்பதுதான். மேலோட்டமாக அது பொய்யில்லை. குண்டின் ஆற்றலைப் பள்ளிக்கூடத்துச் சூத்திரத்திலேயே கணக்கிடலாம்:

```
E = ½ m v²
```

எச்ஜி2 சோதனையில் சுடும் .44 மேக்னம் குண்டு 15.6 கிராம், வேகம் நொடிக்கு 436 மீட்டர். சூத்திரத்தில் போட்டால் சுமார் 1,480 ஜூல். ஆர்எஃப்1 சோதனையில் வரும் 7.62 மில்லிமீட்டர் எம்80 குண்டு 9.6 கிராம்தான், ஆனால் வேகம் 847 மீட்டர். ஆற்றல் சுமார் 3,440 ஜூல். எடை குறைந்திருந்தும் ஆற்றல் இரு மடங்கைத் தாண்டிவிட்டது, ஏனென்றால் சூத்திரத்தில் வேகம்தான் இருமடியாக வருகிறது. அப்படியானால் 1,480 ஜூலுக்குக் கீழே எது வந்தாலும் எச்ஜி2 உடை தாங்கும், 3,440க்குக் கீழே எது வந்தாலும் உடையில் செருகும் ஆர்எஃப்1 தகடு தாங்கும் என்று சொல்லிவிடலாமா?

முடியாது. அதே ஆர்எஃப்1 பட்டியலில் எம்193 என்ற 5.56 மில்லிமீட்டர் குண்டும் இருக்கிறது. எடை 3.6 கிராம், வேகம் 990 மீட்டர், ஆற்றல் சுமார் 1,760 ஜூல். மேக்னத்தைவிட ஐந்தில் ஒரு பங்குகூட முழுதாக அதிகமில்லை. ஆனால் மேக்னத்தைத் தாங்கும் துணியுடையில் எம்193 பட்டால் தைத்துக்கொண்டு போய்விடும். காரணம், அந்த ஆற்றல் இறங்கும் பரப்பு. மேக்னம் குண்டின் குறுக்களவு ஏறக்குறைய 11 மில்லிமீட்டர், எம்193க்கு அதில் பாதிதான். ஒரு சதுர மில்லிமீட்டருக்கு மேக்னம் சுமார் 16 ஜூலை இறக்குகிறது. எம்193 சுமார் 69 ஜூலை இறக்குகிறது. அப்புறம், மேக்னத்தின் மழுங்கிய ஈய மூக்கு துணியில் பட்டதும் காளான்போல விரிந்து இன்னும் அகலமாகிவிடுகிறது. அகல அகல அதிக இழைகள் அதைப் பிடித்து இழுக்கின்றன. இழுவை இழைகளின் நீளத்துக்கும் பரவ நேரம் கிடைக்கிறது. கூர்மூக்குக் குண்டு அந்த நேரத்தைத் தருவதில்லை. முனைக்கு நேரே உள்ள சில இழைகளே முழுச் சுமையையும் ஏற்று அறுந்துவிடுகின்றன, பக்கத்து இழைகளுக்குச் சேதி போய்ச் சேர்வதற்குள்.

இங்கேகூட ‘ஆற்றல் கொஞ்சம் கூடத்தானே இருக்கிறது’ என்று ஒருவர் வாதாடலாம். அதற்கும் இடம் தராதது ஆர்எஃப்2 கதை.

பாலிஎத்திலீன் இழைகளை அடுக்கி அழுத்திச் செய்யும் தகடுகள் உண்டு. லேசானவை, அதனால் அணிபவர்களுக்குப் பிடித்தவை. அவற்றில் பல, 3,440 ஜூலோடு வரும் எம்80ஐ நிறுத்திவிடும். எம்80இன் உள்ளே இருப்பது ஈயம். தகட்டில் பட்டதும் நசுங்கிப் பரந்து, அடுக்குகளுக்கு நடுவே சிக்கிக்கொள்கிறது. இதே தகட்டை எம்855 என்ற குண்டால் சுட்டுப் பார்த்தார்கள். 4 கிராம், நொடிக்கு 950 மீட்டர், ஆற்றல் சுமார் 1,800 ஜூல். எம்80இல் ஏறக்குறைய பாதி. ஆனால் இதன் முனையில் ஈயத்துக்கு முன்னால் ஒரு சிறிய எஃகுத் துண்டு இருக்கிறது. அது நசுங்குவதில்லை. நசுங்காத முனை இழைகளை அறுத்துக்கொண்டே போகிறது, தகடு துளைபடுகிறது. பெரிய ஆற்றலைத் தாங்கிய தகடு, அதில் பாதி ஆற்றலிடம் தோற்றுவிட்டது.

எம்855ஐயும் சேர்த்துச் சோதித்துத் தேறிய தகடுகளுக்கென்று உண்டான நிலைதான் ஆர்எஃப்2. தகடு எஃகாக இருந்தால் கதை தலைகீழாகவும் போகலாம். எம்855ஐத் தாங்கிய சில எஃகுத் தகடுகளை, எஃகு முனையே இல்லாத எம்193 தன் வேகத்தாலேயே துளைத்துவிடுகிறது. எந்தக் குண்டு ‘வலிமையானது’ என்ற கேள்விக்கு, எதிரே நிற்பது என்ன பொருள் என்று தெரியாமல் பதிலே சொல்ல முடியாது.

கடினமான எஃகு உள்ளீடு முழுநீளத்துக்கும் உள்ள குண்டை ஆர்எஃப்3இல் வைத்திருக்கிறார்கள். அதை நிறுத்தப் பொதுவாகப் பீங்கான் முகப்பு தேவைப்படுகிறது. பீங்கான் குண்டின் முனையை நொறுக்கும், கூடவே தானும் நொறுங்கும். நொறுங்கிய இடத்தில் அடுத்த குண்டு விழுந்தால் முதல் குண்டுக்குக் கிடைத்த வரவேற்பு அதற்குக் கிடைக்காது.

ஆக, உடையில் ஒட்டியிருக்கும் சீட்டில் உள்ள நிலை எண் ஆற்றலின் அளவு அல்ல, ஒரு தேர்வின் பெயர். குறிப்பிட்ட குண்டு, குறிப்பிட்ட வேகம், குறிப்பிட்ட இடங்கள் என்று எல்லாம் வகுத்த தேர்வு. உடையை ஒரு களிமண் திண்டின்மேல் கட்டிவைத்துச் சுடுவார்கள். துளைக்காவிட்டால் மட்டும் போதாது, பின்னால் களிமண்ணில் விழும் குழியையும் அளப்பார்கள். அந்தக் குழிக்கு வைத்திருக்கும் எல்லை 44 மில்லிமீட்டர். நான்கரை சென்டிமீட்டர் என்றே வைத்துக்கொள்ளுங்கள். அதை நெஞ்செலும்பின்மேல் நினைத்துப் பார்த்தால், ‘தேறிய’ உடையை அணிந்தவருக்கும் விலா முறியலாம் என்பது விளங்கும். கொல்லன் விட்டுவைத்த குழி இப்போது கவசத்திலிருந்து களிமண்ணுக்கு இடம் மாறியிருக்கிறது, அவ்வளவுதான்.

அந்தத் தேர்வுக்கு வெளியே உள்ளதைப் பற்றிச் சீட்டு எதுவும் சொல்வதில்லை. ரைபிள் தகடு என்றால் பெரும்பாலும் 25க்கு 30 சென்டிமீட்டர் அளவில்தான் இருக்கும். தோள், இடுப்பு, கழுத்து எல்லாம் வெளியே. உடையின் விளிம்புக்கு மிக அருகே விழும் குண்டை இழைகள் சரியாகப் பிடிக்காது. காலமும் ஒரு எதிரிதான். ஸைலான் என்ற இழையை ஒரு காலத்தில் பெரிதாகக் கொண்டாடினார்கள். ஈரமும் ஒளியும் பட்டு அது எதிர்பார்த்ததைவிட வேகமாக வலுவிழப்பது தெரியவந்ததும், 2005இல் அமெரிக்காவின் தேசிய நீதி நிறுவனம் ஸைலான் உடைகளுக்கான ஏற்பை விலக்கிக்கொண்டது. புதிதாக இருந்தபோது தேர்வில் தேறியவைதான் அவை.

இனி சொல்லுக்கு வருவோம். ‘குண்டு தடுப்பு உடை’ பரவாயில்லை, ‘துளைக்காத’ அளவுக்குப் பொய் சொல்லவில்லை. ‘குண்டெதிர்ப்பு உடை’ மூலத்தின் ‘எதிர்த்து நிற்கும் திறன்’ என்பதற்கு நெருக்கமானது, ஆனால் வாயில் கொஞ்சம் இடறுகிறது. பதிற்றுப்பத்தில் வரும் ‘மெய்ம்மறை’ அழகான சொல், உடம்பை மறைப்பது என்று பொருள். ஆனால் இன்று ஒரு செய்தியில் போட்டால் பாதிப் பேர் அகராதியைத் தேடுவார்கள். என் ஓட்டு ‘குண்டு தாங்கு உடை’க்கு. கயிறாகட்டும், பரணாகட்டும், ‘தாங்கும்’ என்று ஒருவர் சொன்னால் அடுத்த நொடியே நாம் கேட்பது ‘எவ்வளவு தாங்கும்?’ என்றுதான். அந்தக் கேள்வியைக் கேட்க வைப்பதற்காகவே இந்தச் சொல் எனக்குப் பிடிக்கிறது. செய்தியில் எழுதும்போது ‘ஆர்எஃப்1 நிலைக் குண்டு தாங்கு உடை’ என்று நிலையையும் சேர்த்துவிட்டால் இன்னும் நல்லது.

ஒன்று மட்டும்: இடம் போதவில்லை என்று ‘குண்டு’ என்பதை வெட்டிவிட்டுப் ‘பாதுகாப்பு உடை’ என்று தலைப்பு வைக்காதீர்கள். மேக்னத்தைப் பிடித்து நிறுத்தும் அதே துணியின் இழைகளை விலக்கிக்கொண்டு ஒரு சாதாரண ஐஸ் குத்தூசி உள்ளே போய்விடும். குத்துக்கும் வெட்டுக்கும் தனித் தேர்வு, தனித் தரம் இருக்கிறது. அந்த உடை வேறு.